லெப்டொப் மீள்நிறுவல்: மார்ச் 14, 15 (சனி, ஞாயிறு)

ஊழியர்கள் அனைவருக்கும்,

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. ஆகவே இந்த வார இறுதியில் எல்லா லெப்டொப்களையும் அழித்து விண்டோஸ் 11 போடுகிறோம். C: டிரைவில் எதுவும் மிஞ்சாது.

Desktop, Downloads, Documents மூன்றிலும் உள்ளவற்றை வெள்ளி பி.ப. 3 மணிக்கு முன் சேர்வரில் உங்கள் பெயருள்ள ஃபோல்டருக்குள் கொப்பி பண்ணுங்கள். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பாமினி எழுத்துருவை நாங்களே போட்டுத் தருவோம். வேறு பழைய எழுத்துரு பாவிப்போர் அந்தக் கோப்பையும் எடுத்து வையுங்கள். போன முறை ஒருவர் சம்பளப் பட்டியலை ரீசைக்கிள் பின்னுக்குள் வைத்திருந்தார். அது திரும்பக் கிடைக்கவேயில்லை.

சார்ஜருடன், பெயர் ஒட்டி, 4.30க்குள் என் அறையில் ஒப்படையுங்கள். கல்முனைக் கிளையினர் அலுவலக வாகனத்தில் அனுப்பலாம். திங்கள் காலை பெற்றுக்கொள்ளலாம்.

தகவல் தொழில்நுட்ப முகாமையாளர்,
மட்டக்களப்பு