விண்டோஸ் 11 ஏற்றிய பிறகு பார்க்க வேண்டியவை: முன்மேசை கம்ப்யூட்டர்

தம்பி, நம்ம பாளையங்கோட்டை கடை முன்மேசை கம்ப்யூட்டரை ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றியாச்சு. திங்கள் காலை ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் இதை வரிசையாகப் பார்த்து டிக் போடு. ஐகான் இருக்கிறது என்று டிக் போடாதே, வேலை முடிந்து கைக்கு வந்தால்தான் டிக்.

ஃபைல்கள்

☐ இதைத்தான் முதலில் பார்க்கணும், மற்றது கெட்டால் சரிசெய்துவிடலாம், வாடிக்கையாளர் ஃபைல் போனால் போனதுதான். டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டி டிரைவ் மூன்றிலும் பழைய ஃபைல் ஒன்று, போன வாரத்து ஃபைல் ஒன்று திறந்து, ஒரு எழுத்தை மாற்றி சேவ் செய்து, மூடித் திறந்து பார்.
☐ டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் பதறாதே. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் போயிருக்கும், அங்கே தேடு. அங்கேயும் இல்லையென்றால் C:\Windows.old\Users உள்ளே பார்.
☐ டிஸ்க் இடம் குறைவு என்று சொன்னாலும் Windows.old-ஐ அழிக்காதே. அது இருந்தால்தான் 10 நாளுக்குள் பழையதுக்குத் திரும்ப முடியும்.

தமிழ் எழுத்துரு

☐ போன வருடத்து அம்மன் கோவில் கொடை நோட்டீஸைத் திற. தலைப்பில் 'அம்மன்' இருக்க வேண்டிய இடத்தில் mk;kd; என்று வந்தால் பாமினி எழுத்துரு போய்விட்டது என்று அர்த்தம், பென்டிரைவிலிருந்து திரும்பப் போடு. அப்புறம் தமிழ்99-ல் நாலு வரி அடித்துப் பார்.

பிரிண்ட்

☐ அதே நோட்டீஸை அடி. டெஸ்ட் பேஜ் போதாது, அதில் தமிழ் இருக்காது.
☐ ஏ4 தாளா என்று பார், லெட்டர் அளவுக்கு மாறியிருந்தால் ஓரம் தவறும். இரண்டு பக்கமும், கலரும் ஒவ்வொன்று அடி.
☐ செட்டிங்ஸில் Let Windows manage my default printer ஆஃப்பில் இருக்கணும், இல்லையென்றால் கடைசியாக அடித்த பிரிண்டரே டீஃபால்ட் ஆகி, ஆதார் ஜெராக்ஸ் எல்லாம் கலர் மெஷினில் போய் நிற்கும்.
☐ ஸ்கேனர்: ஒரு பக்கம் பிடிஎஃப் ஆக.

இன்டர்நெட்

☐ கேபிளில் ஒரு தரம், வைஃபையில் ஒரு தரம். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் ஆகணும்.

மெயில்

☐ உன் போனிலிருந்து கடை மெயிலுக்கு ஒரு படம் இணைத்து அனுப்பு, இறக்கித் திற, பதில் அனுப்பு, அது போனுக்கு வந்து சேரணும். பழைய மெயில்களும் தெரியணும்.

முக்கிய புரோகிராம்கள்

☐ டேலி: திறந்ததும் எஜுகேஷனல் மோட் என்று காட்டினால் லைசென்ஸ் போயிருக்கிறது, ஒரு பில்லும் போடாமல் எனக்குப் போன் அடி.
☐ டிஎஸ்சி டோக்கன்: செருகி, பின் போட்டு, ஒரு பிடிஎஃப்-ல் கையெழுத்து வைத்துப் பார். சாதாரணமாக டிரைவர்தான் தகராறு செய்யும்.
☐ போட்டோஷாப், பேஜ்மேக்கர்: பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று திறந்தால் போதும்.

எல்லாம் ஆனதும் ஒரு தரம் ரீஸ்டார்ட் செய்து, நோட்டீஸ் பிரிண்டும் டேலியும் மட்டும் மறுபடி பார். ஏதாவது டிக் விழாவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஸ்க்ரீனில் வந்த வார்த்தையை அப்படியே எழுதி வை, நீயாக எதையும் அன்இன்ஸ்டால் செய்யாதே. அதுவரை பில்லும் பிரிண்டும் உள்ளறை கம்ப்யூட்டரில் ஓடட்டும்.