மைப்பெட்டி

பெரியப்பா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்துப் பாயில் விரித்ததும் கரண்டு போய்விட்டது.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் ஏழு மணிக்கு வரும். ஏழுக்கு வந்தது எட்டுக்குப் போகும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் மணி பார்க்கப் படித்ததே இப்படித்தான். தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகிறது, தீபாவளி அன்றைக்கு மட்டும் போகவில்லை.

"தீப்பெட்டி எங்க?" என்றார் அப்பா.

"மாடக்குழியிலதான வச்சேன்" என்றாள் அம்மா. தடவிப் பார்த்தாள். இல்லை. அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டிக்குள் குச்சி அடைக்கிற வேலை பார்க்கிறாள், எங்கள் வீட்டில் தீப்பெட்டி இல்லை என்றால் யார் நம்புவார்கள்! சாத்தூர் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. மாமா வந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை.

பெரியப்பா செல் டார்ச்சை அடித்தார். ஆச்சியின் முகம் மட்டும் தனியாகத் தெரிந்தது, சாமி படம் மாதிரி.

"இந்த வெளிச்சம் போதும்மா. கட்ட வெரல மையில ஒத்தி இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு வச்சிரு. எட்டு மணி பஸ்ஸ விட்டா எனக்கு வேற பஸ் கிடையாது."

"எழுத்தே தெரியாதவ நான். தாளும் தெரியலன்னா எப்படிடா வைக்க? வெளிச்சம் வரட்டும்" என்றாள் ஆச்சி.

பெரியப்பா டார்ச்சை அணைத்தார். சார்ஜ் கொஞ்சம்தான் இருந்ததாம். புரோக்கர் போன் பண்ணுவாராம்.

அந்தத் தாளை நான் மத்தியானமே படித்துவிட்டேன். மேலே இருபது ரூபாய் என்று போட்டிருந்தது. '2012ஆம் வருடம் நவம்பர் மாதம் 23ஆம் தேதி' என்று ஆரம்பித்து, நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாமல் அடி வரைக்கும் ஒரே வாக்கியமாகப் போனது. நான் அப்படி எழுதினால் டீச்சர் கொட்டுவார். கரிசக்காடு மூன்று ஏக்கர், கிணறு, வேப்பமரம் நாலு என்று இருந்தது. வேப்பமரம் ஐந்து. தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று சொல்ல நினைத்தேன், யாரும் கேட்கவில்லை.

எங்கள் காட்டில் காற்றாடி வைக்கப் போகிறார்களாம். கயத்தாறு பக்கம் போகிறபோது பஸ்ஸிலிருந்து பார்க்கலாம், வெள்ளையாக, மூன்று இறக்கையோடு, கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் நிற்கும்.

இருட்டில் எல்லாரும் முதலில் சும்மா இருந்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். முகம் தெரியாததால் குரலை வைத்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். அத்தை வாசல்படியில். மாமா தூணுக்குப் பின்னால். அப்பா திண்ணையில், அவர் பேசவில்லை, துண்டை வீசிக் கொசு விரட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. நான் ஆச்சியை ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வெற்றிலை வாசனை.

"கூடங்குளம் ஓட ஆரம்பிச்சிட்டா இந்தத் தொந்தரவே இருக்காது" என்றார் பெரியப்பா.

"ஆமா, நீங்க போய் பொத்தான அமுக்குங்க" என்றாள் அத்தை. "இலவசமா மிக்ஸி வந்துச்சு, ஃபேன் வந்துச்சு. அட்டப்பெட்டிய பிரிக்கவே இல்ல."

"கிணத்து மோட்டாருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு விடுதான். அந்நேரம் பாம்புக்கும் இவருக்கும்தான் காட்டுல வேல" என்றாள் அம்மா. அப்பாவின் துண்டு சத்தம் ஒரு நிமிடம் நின்றது.

"மாமா, அதான் அவ்ளோ காத்தாடி நிக்குதே. பெறகு ஏன் கரண்டு இல்ல?" என்று நான் கேட்டேன். இதை ரொம்ப நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

மாமா பொறுமையாகத்தான் சொன்னார். "காத்து வேணும்லா பாப்பா. வைகாசியில காத்து ஏறும், ஆடியில ஆள தள்ளும், புரட்டாசியோட அடங்கிரும். இப்ப கார்த்திகை. சும்மாதான் நிக்கும்."

"அப்போ நம்ம காட்டுல வைக்கிறதும் சும்மாதான் நிக்குமா?"

யாரோ 'ச்சு' என்றார்கள். பெரியப்பாவாகத்தான் இருக்கும்.

அப்புறம் மாமாவே பேசினார், என்னிடம் இல்லை, எல்லாரிடமும். மாவு மில்லில் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம்கூட கரண்டு இல்லையாம். டீசல் போட்டு ஓட்டினால் அரைக்கிற கூலி டீசலுக்கே சரியாகப் போகிறதாம். மிஷின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டி மூன்று மாதம் ஆகிறதாம். "அத்தை, நான் கேட்கலை. மச்சான்தான் சொன்னாரு, வித்தா ஒனக்கும் ஒரு பங்கு வரும்னு." குரல் கம்மிவிட்டது. மாமா அழுகிற மாதிரி இருந்தது. பெரிய மீசை வைத்தவர்கள் அழுவார்கள் என்று எனக்குத் தெரியாது. அத்தையின் வளையல் சத்தம் வாசல்படியிலிருந்து தூண் பக்கம் நகர்ந்து போனது.

யாரும் எதுவும் சொல்லவில்லை. வெளியே மாடு மட்டும் மணியை ஆட்டியது.

"ஒங்க மாமனார் அந்தக் கிணத்த வெட்டும்போது இவன் என் வயித்துல" என்றாள் ஆச்சி, யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை. "மண்ணு சுமந்தவ நானு. ஒங்க கடனுக்கு மாட்ட வேணும்னா வித்துக்கலாம்யா. கம்மல் இருக்கு."

"மாட்ட வித்து எத்தன வட்டிம்மா கட்ட முடியும்?" என்றார் பெரியப்பா.

ஆச்சி பதில் சொல்லவில்லை. என் கையைத் தேடி எடுத்தாள். சில்லென்று, தட்டையாக எதையோ என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். தகர டப்பா. மூடி சரியாக மூடவில்லை, ஈரம் பட்டது. நான் "என்ன ஆ..." என்பதற்குள் தொடையில் ஒரு கிள்ளு.

பாவாடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

ஏழு மணிக்குக் கரண்டு வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாம் 'ஓ'வென்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் இருந்தார்கள். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டே, விளக்கில் பூச்சி நிறைய என்றார்.

"சரிம்மா, கைய நீட்டு" என்றார் பெரியப்பா. அப்புறம் பாயைப் பார்த்தார். பாயைத் தூக்கிப் பார்த்தார். பையைக் கவிழ்த்தார். பேனா, கண்ணாடிக் கூடு, சீனிச்சேவுப் பொட்டலம் எல்லாம் விழுந்தன.

"மைப்பெட்டி எங்க? இங்கதான வச்சேன்!"

"எலி இழுத்துட்டுப் போயிருக்கும்" என்றாள் ஆச்சி. வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பையைத் திறந்தாள். உள்ளே தீப்பெட்டி இருந்தது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை ஆச்சியும் பார்த்தாள்.

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ பாத்தியா?"

"இருட்டுல எனக்கென்ன தெரியும் பெரியப்பா?"

பேனா மையைத் தேய்க்கலாம் என்றார். உடைத்தால் ஒரு சொட்டுகூட வரவில்லை. கடைக்கு ஆள் அனுப்பலாம் என்றார். எங்கள் ஊர்க் கடையில் சீயக்காயும் பீடியும்தான் கிடைக்கும். அப்போதுதான் அப்பா திண்ணையிலிருந்து உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு விரலும் ஊதா.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து என் மடியில் போட்டார். "போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு, போ."

துண்டோடு அள்ளிக்கொண்டு ஓடினேன்.

எட்டு மணிக்குக் கரண்டும் போனது, பஸ்ஸும் போனது. பெரியப்பா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டு ஏறினார். மாமாவுக்கு ஆச்சி ஏதோ முடிச்சைக் கொடுத்தாள், மாமா வாங்க மாட்டேன் என்றார், அத்தை வாங்கிக்கொண்டாள். அவர்களும் அதே பஸ்ஸில் போனார்கள்.

ஆச்சி பக்கத்தில் படுத்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தும் விரலில் மை போகவில்லை. இருட்டில் அவள் என் கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"எங்கட்டி வச்ச?"

"சொல்ல மாட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"சரி. எங்கிட்டயும் சொல்லாத" என்றாள்.