பூங்கா நுழைவாயில் படங்கள்: தமிழில்

தம்பி, ஸ்லோவாக்கியாவின் டாட்ரா தேசியப் பூங்காவில், ஷ்ட்ர்ப்ஸ்கே ப்லெஸோ நுழைவாயிலில் நீ எடுத்த படங்களில் இருப்பதை வரிசையாகப் பார்த்துத் தமிழில் எழுதுகிறேன். நீ நடக்கப் போவது நாளை, அக்டோபர் 30. அதனால் மூன்றாவது படத்தை மட்டுமாவது இரண்டு முறை படி.

முதல் படம், வரைபடத்தின் குறிவிளக்கம். அளவு 1:25 000, அதாவது 1 செ.மீ.க்கு 250 மீட்டர். வீட்டுக் குறி மலைக்குடில். பெயரில் "ஹாட்டா" என்று வந்தால் அது குடில்தான். "ப்லெஸோ" என்றால் மலை ஏரி. நீலத் துளி ஊற்று, சிவப்புச் சிலுவை மீட்புக் குழு நிலையம். பாதை மேல் சங்கிலிக் கண்ணி போல வரைந்திருப்பது, பாறையில் சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டிய இடம். ரிஸி சிகரத்துக்குப் போகிற பாதையில் அது இருக்கிறது.

இரண்டாவது படம், மரத்தில் அடித்த சதுரப் பட்டை: வெள்ளை, நடுவில் சிவப்பு, மறுபடி வெள்ளை. சிவப்பைப் பார்த்துக் கடினமான பாதை என்று பயந்திருக்கிறாய். ஸ்லோவாக்கியாவில் நிறத்துக்கும் கடினத்துக்கும் சம்பந்தமே இல்லை. சிவப்பு என்றால் நெடும்பாதை, முக்கியப் பாதை. நீலம் அதற்கடுத்தது, பச்சை உள்ளூர்ப் பாதை, மஞ்சள் இரண்டு பாதைகளை இணைக்கும் குறுக்குவழி. பொப்ராட்ஸ்கே ப்லெஸோவுக்கு நிதானமாகப் போகிற பாதையும் சிவப்புதான், ரிஸியில் சங்கிலி பிடித்து ஏறுகிறதும் சிவப்புதான். நிறம் எந்தப் பாதை என்று மட்டும் சொல்லும், எப்படிப்பட்ட பாதை என்று சொல்லாது. அதைச் சொல்வது உயரக் கோடுகளும் சங்கிலிக் குறியும்தான். பட்டைக்குப் பதில் அதே நிறத்தில் முக்கோணம் வந்தால், சிகரத்துக்குப் பிரிகிற கிளைப்பாதை.

கம்பத்தில் "பொப்ராட்ஸ்கே ப்லெஸோ 1.15" என்றிருப்பது நடக்கிற நேரம், அதாவது ஒன்றே கால் மணி; கிலோமீட்டர் அல்ல. நின்று படம் எடுக்கிற நேரம் அதில் சேராது. உனக்கு இரண்டு மணி வைத்துக்கொள்.

மூன்றாவது படம், பெரிய பலகை:

"டாட்ரா தேசியப் பூங்கா. குறியிட்ட பாதையை விட்டு விலகக் கூடாது. கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் தடை. செடிகளைப் பறிக்கக் கூடாது. நாய்களைக் கயிற்றில் பிடித்தபடியே அழைத்துச் செல்ல வேண்டும். நவம்பர் 1 முதல் மே 31 வரை, மலைக்குடில்களுக்கு மேலே உள்ள பாதைகள் மூடப்பட்டிருக்கும்."

கடைசி வரிதான் உன் திட்டத்தைத் தொடுகிறது. மழை வந்தால் பயணத்தை இரண்டு நாள் தள்ளிவிடலாம் என்று எழுதியிருந்தாய். தள்ளினால் நவம்பர் 1. அன்றைக்கும் பொப்ராட்ஸ்கே ப்லெஸோ குடில் வரை போகலாம், ஆனால் அதற்கு மேலே ரிஸி பக்கமும் ஓஸ்டர்வா கணவாய்ப் பக்கமும் அடைப்பு. வாயிலில் ஆள் நின்று தடுக்க மாட்டார்கள், பலகை மட்டும்தான் இருக்கும். அதை வைத்து ஏறலாம் என்று நினைக்காதே. சட்டப்படி அபராதம் உண்டு.

நான்காவது, கரடிப் படம் போட்டது:

"எச்சரிக்கை! பழுப்புக் கரடி வாழும் இடம். பேசிக்கொண்டே நடக்கவும். உணவை விட்டுச் செல்ல வேண்டாம். கரடியைக் கண்டால் ஓட வேண்டாம். மெதுவாகப் பின்னோக்கி நகரவும்."

பேசச் சொல்வது வேடிக்கைக்கு இல்லை. திடுமென எதிர்ப்படுவதுதான் ஆபத்து, குரல் கேட்டால் பெரும்பாலும் அதுவே விலகிப் போய்விடும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடப்பதை அங்கே மட்டும் விடு.

ஐந்தாவது படத்தில் இருப்பது: "பனிச்சரிவு அபாயம். குளிர்காலத்தில் இந்தப் பகுதியில் நிற்காமல் கடக்கவும். குளிர்கால வழியைப் பயன்படுத்தவும்." இது ஏரிக்குப் போகிற சிவப்புப் பாதையிலேயே உள்ள ஒரு சரிவு. தரை காய்ந்திருந்தால் கவலை இல்லை. இரவில் பனி கொட்டியிருந்தால் சிவப்பை விட்டுவிட்டு, "பொப்ராட்ஸ்கே ப்லெஸோ" என்ற பெயரிலேயே இருக்கும் மின்ரயில் நிறுத்தத்தில் இறங்கி நீலக் குறியைப் பிடித்துப் போ. அது தார்ச்சாலை. அழகு கொஞ்சம் குறைச்சல்தான், ஆனால் அதே ஏரிக்கு அதுவும் போகும்.

ஆறாவது சின்ன ஒட்டுத்தாள்: "மலை மீட்புச் சேவை: 18 300. மீட்புக்குக் கட்டணம் உண்டு. காப்பீடு எடுக்கவும்." உன் எண் இந்திய எண் என்றால் முன்னால் +421 சேர். 112-ம் வேலை செய்யும். காப்பீட்டை இன்றிரவே எடுத்துவிடு. சாதாரணப் பயணக் காப்பீட்டில் மலையேற்ற மீட்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடு.

இன்னொன்று: அங்கே இப்போது மாலை நாலரைக்குள் வெளிச்சம் போய்விடும். ஒன்பது மணிக்கே கிளம்பு, தலையில் மாட்டுகிற விளக்கைப் பையில் வை.