வகுப்பறை டேப்லெட்டைத் தமிழில் அமைத்தல்: தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

இந்த வழிகாட்டி 1 முதல் 3ஆம் வகுப்பு வரை பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கானது. வகுப்புக்கு ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டும், அதைச் சுற்றி உட்காரும் நான்கு குழுக்களும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் திரை ஆங்கிலத்தில் இருந்தால், தெரிந்த எழுத்துகள் எதற்கும் பயனில்லாமல் படத்தை மட்டும் நம்பிக் குருட்டாம்போக்கில் தட்டுகிறது. திரை தமிழானால் ஒவ்வொரு பொத்தானும் அதற்கு ஒரு வாசிப்புப் பயிற்சி. அதே நேரம், ஆசிரியரோ பழுது பார்க்க வருபவரோ பழகிய மொழியில் டேப்லெட்டைக் கையாள முடிய வேண்டும். ஒரே டேப்லெட்டில் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பக்கமாக இயங்கும் சுயவிவரங்கள் இரண்டுக்கும் இடம் தருகின்றன. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தனி மொழி வைக்கலாம். ஒன்றில் மாற்றினால் மற்றொன்று மாறாது.

ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இந்த முறை பொருந்தாது. சாதாரண ஐபேடில் பல பயனர் வசதி இல்லை. பள்ளி நிர்வாகத்தின் வழியாக மட்டுமே அதைப் பெற முடியும். சில ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்களும் இந்த வசதியை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே முதலில் `Settings`-இல் `System` பகுதிக்குப் போய் `Multiple users` இருக்கிறதா என்று பாருங்கள். சில டேப்லெட்டுகளில் அது `Accounts` சார்ந்த பகுதியில் இருக்கும்.

முதலில் ஆசிரியரின் சுயவிவரம்

டேப்லெட்டை முதன்முதலில் இயக்கியபோது உருவான சுயவிவரமே நிர்வாகி. மற்றவற்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் அதன் கையில் இருப்பதால், இது ஆசிரியரிடமே இருக்கட்டும். கட்டாயம் பின் எண் வையுங்கள். 1234 வேண்டாம், குழந்தைகள் முதலில் முயல்வது அதைத்தான். `Multiple users` பக்கத்திலேயே பூட்டுத் திரையிலிருந்து புதிய பயனரைச் சேர்க்க அனுமதிக்கும் பொத்தான் இருந்தால், அதை அணைத்துவிடுங்கள்.

இந்தச் சுயவிவரத்தின் மொழியை மாற்ற வேண்டாம். குழந்தைகளின் பக்கத்தில் ஏதாவது குழம்பினால் திரும்பிவரும் இடம் இதுதான். பல டேப்லெட்டுகள் அணைத்து இயக்கியதும் நிர்வாகியின் பக்கத்தில்தான் திறக்கும். எனவே காலையில் நீங்களே இயக்கி, குழுவின் சுயவிவரத்துக்கு மாற்றிய பிறகு குழந்தைகளிடம் கொடுங்கள்.

குழுவுக்கு ஒரு சுயவிவரம்

குழந்தைக்கு ஒன்று என்று தொடங்காதீர்கள். ஒவ்வொரு சுயவிவரமும் சேமிப்பிடத்தைப் பிடிக்கும். எத்தனை சேர்க்கலாம் என்பதற்கும் டேப்லெட்டில் உச்சவரம்பு உண்டு. மயில், குயில், கிளி, மைனா என்று நான்கு போதும். பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு நிறப் படம் வையுங்கள். படிக்கத் தடுமாறும் குழந்தை நிறத்தைப் பார்த்துத் தன் குழுவைக் கண்டுகொள்ளும். பிறகு மெல்ல மெல்லப் பெயரையும் படித்துவிடும். குழந்தைகளின் சொந்தப் பெயரையோ புகைப்படத்தையோ பதிய வேண்டிய தேவையே இல்லை.

சேர்க்கும்போது கூகுள் கணக்கு கேட்கும். தவிர்த்துவிட்டு மேலே செல்லலாம். ஆப்களை நிறுவக் கணக்கு வேண்டுமென்றால் பள்ளிக்கென உள்ள கணக்கைப் பயன்படுத்துங்கள். வயதை மாற்றிக் கொடுத்து ஒரு குழந்தையின் பெயரில் கணக்கு திறப்பது விதிக்குப் புறம்பானது. அதைச் செய்யவே கூடாது.

மொழியை மாற்றுதல்

மயிலுக்கு மாறி, `Settings`, `System`, `Languages` என்ற வழியில் சென்று தமிழைச் சேருங்கள். உடனே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நாடுகள் வரும். உங்கள் பாடநூல் எந்த நாட்டினுடையதோ அதையே எடுங்கள். எண்களில் காற்புள்ளி விழும் இடமும் மணி காட்டும் முறையும் நாட்டுக்கு நாடு மாறக்கூடும். பிறகு பட்டியலில் தமிழைப் பிடித்து இழுத்து முதலிடத்தில் வையுங்கள். இரண்டாமிடத்தில் ஆங்கிலம் இருக்கட்டும். தமிழாக்கப்படாத ஆப் அந்த மொழியில் திறக்கும். மாற்றத்துக்கு முன் இந்தப் பாதையின் ஒவ்வொரு திரையையும் உங்கள் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது தெரியாத மொழிக்கு மாற்றிவிட்டால் இடத்தையும் சின்னத்தையும் பார்த்தே திரும்பி வரலாம். குயில், கிளி, மைனாவுக்கும் இதையே செய்யுங்கள்.

ஆங்கிலப் பாட ஆப் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றால், ஆண்ட்ராய்டு 13 முதல் ஆப் ஒவ்வொன்றுக்கும் தனி மொழி அமைக்கும் வசதி உண்டு. மொழிப் பக்கத்திலேயே அது கிடைக்கும். ஆனால் எல்லா ஆப்களும் அதை ஏற்காது.

எழுத்தின் அளவு

இதற்குக் கொஞ்சம் பொறுமையாக நேரம் ஒதுக்குங்கள். அளவு சிறிதாக இருந்தால் மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடும். ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும். புள்ளியைக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் வயதில் அது மறைவது எவ்வளவு தவறு! அளவைப் பெரிதாக்கினாலோ வேறு தொல்லை: தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தானுக்குள் அடங்காமல் பாதியில் அறுந்துபோகும். அளவை ஒவ்வொரு படியாக உயர்த்தி, வகுப்பில் அதிகம் பயன்படும் ஆப்பைத் திறந்து பாருங்கள். சொல் அறுபடாத அளவுகளில் ஆகப் பெரியது எதுவோ அதில் நிறுத்துங்கள்.

சொற்களை முன்கூட்டியே கற்பித்தல்

திரையில் அடிக்கடி வரும் சொற்கள் சிலவே: சரி, ரத்துசெய், சேமி, நீக்கு, அனுமதி. டேப்லெட்டைக் கையில் கொடுப்பதற்கு முந்தைய நாளே இவற்றை அட்டைகளில் எழுதிப் படிக்க வையுங்கள். ஒரு கண்ணியை மட்டும் கவனியுங்கள். “அனுமதி”, “அனுமதிக்க வேண்டாம்” என்று இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்து வரும். அவசரமாகப் படிக்கும் குழந்தை முதல் நான்கு எழுத்தோடு நின்று எதையாவது தொட்டுவிடும். கடைசிவரை விரல் வைத்துப் படிக்கும் பழக்கத்தை இந்த இரண்டு அட்டைகளைக் கொண்டே ஏற்படுத்தலாம். அனுமதி கேட்கும் திரை வந்தால் எதையும் தொடாமல் ஆசிரியரை அழைக்க வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள்.

இன்னும் படிக்க வராதவர்களுக்கு, அணுகல்தன்மைப் பகுதியில் உள்ள வாசித்துக் காட்டும் வசதியை இயக்கித் தமிழ்க் குரலைப் பதிவிறக்குங்கள். தட்டச்சுக்குத் தமிழ் விசைப்பலகை மட்டும் போதும். கூகுளின் விசைப்பலகை ஆப்பான ஜிபோர்டில் விரலால் எழுதும் வசதியும் இருக்கிறது. சின்னஞ்சிறு விரல்களுக்கு அது மிகவும் பிடித்தது. எழுத்தின் வடிவமும் கூடவே படிந்துவிடுகிறது.

நாள்தோறும் நினைவில் கொள்ள வேண்டியவை

ஒரு சுயவிவரத்தில் வரைந்த படமும் எடுத்த புகைப்படமும் மற்றொன்றில் தெரியாது. எனவே பாடக் கோப்பை உங்கள் பக்கத்தில் வைத்தால் மயிலுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு குழுவின் உலாவியிலும் இணைப்பாகச் சேமித்து வைப்பது எளிது. வைஃபை எல்லோருக்கும் பொதுவானது. ஒரு குழுவினர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஒரே ஆப்பில் மட்டும் வேலை என்றால், திரையை அந்த ஆப்பிலேயே நிறுத்தி வைக்கும் `App pinning` வசதி பாதுகாப்பு அமைப்புகளில் இருக்கும். அதை இயக்கிவிட்டுக் கொடுங்கள்.

ஆண்டு முடிவில் நான்கையும் நீக்கிப் புதிதாகத் தொடங்குங்கள். நீக்கிய சுயவிவரத்தில் இருந்த எதையும் மீட்க முடியாது. அதனால் குழந்தைகளின் படங்களையும் கதைகளையும் ஒரு வாரம் முன்னதாகவே கணினிக்கு நகலெடுத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே `Multiple users` பக்கத்தில் நீக்குங்கள்.