கணினி ஆய்வகத்தைப் புதுப்பிக்க ஒரு முன்மொழிவு

அனுப்புநர்: கணினி ஆசிரியர் மற்றும் ஆய்வகப் பொறுப்பாளர்
பெறுநர்: தலைமையாசிரியர் அவர்கள்

பொருள்: ஆய்வக நிதியில் புதுப்பிக்கப்பட்ட மேசைக் கணினிகள் வாங்க அனுமதி வேண்டுதல்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற செய்முறைத் தேர்வில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, தட்டச்சு செய்து முடித்த கோப்பை எங்கே போய்ச் சேமிப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுத்துத் தேர்வில் அதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள். விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டு ஆண்டுகளாக அவள் உட்கார்ந்தது கணினிக்கு நான்காவது நாற்காலியில். மவுஸ் அவள் கைக்கு வந்ததே இல்லை. அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு. ஆனால் இருக்கிற கணினிகளை வைத்துக்கொண்டு அந்தத் தவறைத் திருத்த என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த விண்ணப்பம்.

இப்போதைய நிலை

ஆய்வகத்தில் 20 கணினிகள் இருப்புப் பதிவேட்டில் உள்ளன. ஓடுபவை 9. நமது பெரிய வகுப்பில் 42 பேர். ஒரு கணினிக்கு நான்கைந்து பேர் சூழ்ந்து நிற்கிறார்கள். 40 நிமிடப் பாடவேளையில் கணினி எழுந்து நிற்கவே ஐந்து நிமிடம் போய்விடுகிறது. மீதியைப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம்கூடத் தேறாது. முன்வரிசையில் இருக்கும் துடிப்பான பிள்ளைகள் விசைப்பலகையை விடுவதில்லை; கூச்சமுள்ளவர்கள் கேட்பதுமில்லை.

பழுதானவற்றைச் சரிசெய்யலாமே என்று தாங்கள் முன்பு ஒருமுறை கேட்டீர்கள். பதினொன்றையும் திறந்து பார்த்தேன். ஏழில் மதர்போர்டின் மின்தேக்கிகள் மேல்பக்கம் உப்பியிருக்கின்றன. மற்ற நான்குக்கும் டிடிஆர்2 வகை ராம் வேண்டும். அது இப்போது அரிதாகிவிட்டது, கிடைத்தாலும் கணினியின் மதிப்புக்கு மேல் செலவாகும். ஓடுகிற ஒன்பதில் 2 ஜிபி ராம்தான். அவற்றில் இருக்கும் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு ஆதரவை 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. அந்தக் கணினிகளில் பிள்ளைகளை இணையத்துக்குள் விட எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் யோசனை

கையிலுள்ள நிதியில் மின்சாரம், கேபிள் வேலைகள் போக, புதிய கணினி வாங்கினால் எட்டுதான் வாங்க முடியும். அதே நிதியில் 'ரீஃபர்பிஷ்டு' என்று சந்தையில் சொல்லப்படும் புதுப்பிக்கப்பட்ட மேசைக் கணினிகள் 21 வாங்கலாம். இருபது பிள்ளைகளுக்கு, ஒன்று உதிரிபாகத்துக்கு. நாற்பத்திரண்டு பேரும் இரண்டிரண்டு பேராக உட்காரலாம், இரண்டு இடத்தில் மட்டும் மூவர்.

பெரிய அலுவலகங்கள் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணினிகளை மொத்தமாக மாற்றும். அப்படிக் கழிக்கப்பட்டவற்றைச் சுத்தம் செய்து, சோதித்து விற்பதுதான் இந்தத் தொழில். வீட்டு உபயோகக் கணினிகளைவிட அலுவலக ரகங்கள் உறுதியானவை; கூடு திறக்க எளிது; ஒரே மாடலில் இருபது கிடைக்கும். இந்த ஒரே மாடல் என்பதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறேன். சிறிய கூடுகளில் பவர் சப்ளையும் மதர்போர்டும் அந்தந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும். கடையில் பொதுவான பாகம் வாங்கிப் பொருத்த முடியாது. எல்லாம் ஒன்றாக இருந்தால் இருபத்தோராவது கணினியிலிருந்து பாகத்தைக் கழற்றி, மறு பாடவேளைக்குள் நானே மாற்றிவிடுவேன். ஐந்து மாடல்கள் கலந்து வந்தால், இப்போதிருக்கும் நிலைக்கே இரண்டே ஆண்டில் திரும்பிவிடுவோம்.

வேண்டிய தகுதி: இன்டெல் எட்டாம் தலைமுறை கோர் ஐ5 செயலி, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி வட்டு. ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இதைவிட மலிவாகக் குவிந்து கிடக்கின்றன. விற்பனையாளர்கள் அவற்றைத்தான் முதலில் காட்டுவார்கள். ஆனாலும் எட்டாம் தலைமுறையைக் கேட்கக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியலில் இன்டெல் மேசைக் கணினிகள், சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. ஏழாம் தலைமுறை வரை நான்கு கோர்களே இருந்த மேசைக் கணினி ஐ5, எட்டில் ஆறாகியது. நாம் தொடக்கத்தில் விண்டோஸ் போடப்போவதில்லை என்றாலும், நாளைக்குப் பாடத்திட்டமோ தேர்வோ அதைக் கேட்டால் வழி அடைபட்டிருக்கக் கூடாது. அதற்காக இந்தக் கூடுதல் செலவு தகும் என்பது என் கருத்து.

கணினிகளை வட்டு இல்லாமல் வாங்கி, எஸ்எஸ்டியை மட்டும் புதிதாக வாங்க விரும்புகிறேன். பழைய கணினியில் முதலில் தேய்வது வட்டுதான். ஒரு விற்பனையாளர் இதே தகுதியுள்ள கணினி ஒன்றை ஒரு வாரம் சோதனைக்குக் கொடுத்தார். பொத்தானை அழுத்தியதிலிருந்து அரை நிமிடத்துக்குள் தயாராக நின்றது. ஸ்கிராட்ச், லிப்ரே ஆபிஸ், உலாவியில் பத்துப் பக்கம் எல்லாம் ஒன்றாகத் திறந்தும் திணறவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அன்று ஆய்வகத்தைவிட்டு எழுந்து போக மனமில்லாமல் இருந்ததை நான் பார்த்தேன்.

மென்பொருளுக்குச் செலவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். அதற்கு 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பைத்தான், ஜியோஜீப்ரா, சிறு வகுப்புகளுக்கான ஜிகாம்ப்ரி எல்லாமே இலவசம். தமிழ்த் தட்டச்சும் அதிலேயே அமைத்துக்கொள்ளலாம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரியாக அமைத்துவிட்டு, குளோன்சில்லா மூலம் மற்ற இருபதுக்கும் படியெடுத்துவிடுவேன். ஆண்டு நடுவில் எந்தக் கணினி குழம்பினாலும், அதே படியை ஏற்றினால் சரியாகிவிடும்.

நிதிப் பங்கீடு

மூன்று விலைப்புள்ளிகள் வாங்கி இணைத்திருக்கிறேன். நடுவிலுள்ளதை வைத்து, மொத்த நிதியை 100 பங்காகக் கொண்டால் கணக்கு இப்படி வருகிறது:

| செலவினம் | பங்கு |
|---|---|
| கணினிகள் 21 (வட்டு இன்றி) | 62 |
| புதிய எஸ்எஸ்டி 21 | 10 |
| புதுப்பிக்கப்பட்ட திரைகள் 6 | 6 |
| விசைப்பலகை, மவுஸ், திரை மாற்றிகள் | 3 |
| நெட்வொர்க் ஸ்விட்ச், கேபிள் | 6 |
| மின் இணைப்பு, நிலத்தொடர்பு | 6 |
| கையிருப்பு | 7 |

திரைகளில் 14 நன்றாக இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டாம். ஆனால் அவை விஜிஏ இணைப்பு உள்ளவை, புதிதாக வரும் கணினிகளிலோ டிஸ்ப்ளேபோர்ட். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்றி வேண்டும். சின்னச் சாமான்தான், மறந்துவிட்டால் கணினிகள் பெட்டியிலேயே கிடக்கும்.

மின்சார வேலையைத் தயவுசெய்து குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலோர வரிசையில் கணினிக் கூட்டைத் தொட்டால் விர்ரென்று பிடிக்கிறது என்று பிள்ளைகள் இரண்டு முறை சொன்னார்கள். மின்பணியாளரை வைத்துப் பார்த்ததில் அந்த வரிசைக்கு நிலத்தொடர்பு அறுந்திருக்கிறது. அன்றிலிருந்து அந்த வரிசையை அணைத்தே வைத்திருக்கிறேன். நிதி முழுவதும் கிடைக்காமல் போனாலும் இந்த ஒரு வேலையையாவது உடனே செய்ய வேண்டும்.

பழையது என்ற அச்சம்

ஆசிரியர் கூட்டத்தில் இரண்டு பேர், "பழசை வாங்கி ஏமாந்துவிடக் கூடாது" என்றார்கள். நியாயமான கவலை. அதனால் முழுத்தொகையையும் ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். முதலில் இரண்டு கணினிகளை மட்டும் வாங்கிப் பத்து நாள் ஓட்டிப் பார்ப்போம். ராமை மெம்டெஸ்ட் கொண்டு இரவு முழுக்கச் சோதிப்பேன். விசிறிச் சத்தம், வெப்பம், எல்லா யுஎஸ்பி துளைகளும் பார்க்கப்படும். குறிப்பாக, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸில் பழைய நிறுவனத்தின் கடவுச்சொல் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அலுவலகத்திலிருந்து வரும் கணினிகளில் இது அடிக்கடி நேர்வது, பூட்டு இருந்தால் பின்னால் எந்த அமைப்பையும் மாற்ற முடியாது. தேறினால் மிச்சம் 19-க்கு ஆணை கொடுக்கலாம். வந்த பிறகு ஒவ்வொன்றையும் இதேபோல் பார்த்துத்தான் கையொப்பமிடுவேன்.

விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்க வேண்டியவை: ஓராண்டு உத்தரவாதம், முதல் 15 நாளில் பழுதானால் மாற்றுக் கணினி, வரிசை எண்களுடன் கூடிய பட்டியல். தொகையில் ஒரு பகுதியை நாம் மூன்று மாதம் நிறுத்திவைத்துக் கொடுப்பதற்கும் அந்த நடுவிலை விற்பனையாளர் வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எத்தனை ஆண்டு ஓடும் என்று கேட்பீர்கள். நான்கு ஆண்டுக்கு நம்பிச் சொல்வேன். அதற்குள் ஒன்றிரண்டு நின்றுபோகும். அதற்குத்தான் இருபத்தோராவது கணினியும் கையிருப்பும்.

பழையவற்றை என்ன செய்வது

இரண்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன். பிள்ளைகள் கழற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று தொட்டுப் பார்க்க. மற்ற பதினெட்டின் வட்டுகளை முழுமையாக அழித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து ரசீது பெறலாம். சில வட்டுகளில் பழைய மதிப்பெண் பட்டியல்களும் முகவரிகளும் இருப்பதைக் கண்டேன். அவை அப்படியே வெளியே போகக் கூடாது.

கால அளவு

ஆண்டு விடுமுறையில் நான்கு வாரம் போதும். முதல் வாரம் மின்வேலையும் கேபிளும். சோதனைக் கணினிகள் இரண்டும் அதற்கு முன்பே என்னிடம் இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் மற்றவை வந்துசேரும். அதன்பின் சோதனையும் நிறுவலும். நிறுவும் வேலைக்கு ஆள் வேண்டாம், விடுமுறையில் நானே வருகிறேன். பள்ளி திறந்ததும் மற்ற ஆசிரியர்களுக்கு இரண்டு மாலைகள் லினக்ஸ் பழக்கிக் கொடுக்கிறேன். அவர்களும் ஆய்வகத்தைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை.

தங்களிடம் வேண்டுவது: சோதனைக் கணினிகள் இரண்டு வாங்க உடனடி அனுமதி, மின்வேலைக்கு ஒப்புதல், பழைய 18 கணினிகளை இருப்புப் பதிவேட்டிலிருந்து நீக்கத் தங்கள் கையொப்பம். இந்த மூன்றும் இம்மாத இறுதிக்குள் கிடைத்தால் விடுமுறையை வீணாக்காமல் தொடங்கிவிடலாம். தாங்கள் ஒரு நாள் மூன்றாம் பாடவேளையில் ஆய்வகத்துக்கு வந்து, பின்வரிசையில் நின்று பார்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கணினி ஆசிரியர்

இணைப்பு: விலைப்புள்ளிகள் 3, பழுதான கணினிகளின் பட்டியல், மின்பணியாளரின் அறிக்கை