ஷெட்யூலிங் பாடம்: ஒரே நான்கு பிராசஸ், ஐந்து சார்ட்

வகுப்பில் ஒவ்வொரு அல்காரிதத்துக்கும் தனித்தனி உதாரணம் போட்டதால் எது எதைவிட மேல் என்று ஒப்பிட முடியவில்லை. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே தரவு. நேரம் மில்லிசெகண்டில்.

| பிராசஸ் | வருகை | பர்ஸ்ட் |
|---|---|---|
| P1 | 0 | 6 |
| P2 | 1 | 3 |
| P3 | 2 | 8 |
| P4 | 3 | 2 |

பர்ஸ்ட்களின் கூட்டுத்தொகை 19. சிபியு நடுவில் சும்மா இருக்காத இந்தத் தரவில் எந்தச் சார்ட்டும் 19-இல்தான் முடிய வேண்டும். முடியாவிட்டால் அங்கேயே நிறுத்தித் திரும்பப் பாருங்கள்.

```
காத்திருப்பு = முடிவு - வருகை - பர்ஸ்ட்
```

"தொடக்கம் கழித்தல் வருகை" என்ற குறுக்குவழி பிரியெம்ப்ஷன் இல்லாத இடத்தில் மட்டுமே சரி. மேலே உள்ளது எல்லா இடத்திலும் சரி. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எஃப்.சி.எஃப்.எஸ்

```
| P1 | P2 | P3 | P4 |
0    6    9    17   19
```

காத்திருப்பு: P1 0, P2 5, P3 7, P4 14. மொத்தம் 26, சராசரி 6.5. 2 மி.செ. வேலைக்காக வந்த P4, 14 மி.செ. வரிசையில் நிற்கிறது. வகுப்பில் சொன்ன கான்வாய் விளைவு இதுதான்.

எஸ்.ஜே.எஃப், பிரியெம்ப்ஷன் இல்லாமல்

```
| P1 | P4 | P2 | P3 |
0    6    8    11   19
```

நேரம் 0-இல் வரிசையில் P1 மட்டுமே இருக்கிறது. அதனால் நீளமானதாக இருந்தாலும் அதுதான் ஓடும். சின்னது P4 என்று பார்த்து அதை முதலில் போடுபவர்கள் வருகை நேரத்தை மறந்துவிடுகிறார்கள். காத்திருப்பு: 0, 7, 9, 3. சராசரி 4.75.

எஸ்.ஆர்.டி.எஃப்

தேர்வில் மதிப்பெண் அதிகம் போகும் இடம் இது. புது பிராசஸ் வரும் ஒவ்வொரு நொடிப்பொழுதிலும் *மீதமுள்ள* நேரங்களை ஒப்பிட வேண்டும்.

| நேரம் | மீதி | ஓடுவது |
|---|---|---|
| 0 | P1:6 | P1 |
| 1 | P1:5, P2:3 | P2 |
| 2 | P1:5, P2:2, P3:8 | P2 |
| 3 | P1:5, P2:1, P3:8, P4:2 | P2 |
| 4 | P1:5, P3:8, P4:2 | P4 |
| 6 | P1:5, P3:8 | P1 |
| 11 | P3:8 | P3 |

```
| P1 | P2 | P4 | P1 | P3 |
0    1    4    6    11   19
```

நேரம் 3-ஐக் கவனியுங்கள். P2-இன் பழைய பர்ஸ்ட்டான 3-ஐ P4-இன் 2-உடன் ஒப்பிட்டு P2-ஐ இறக்கிவிட்டால், சராசரி 4 என்று வரும். தப்பான விடைதான், ஆனால் பார்க்க நம்பும்படி இருப்பதால் கண்ணில் படாது. சரியான காத்திருப்பு: P1 5 (11-0-6), P2 0, P3 9, P4 1. சராசரி 3.75.

ரவுண்ட் ராபின், குவாண்டம் 3

நேரம் 3-இல் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கிறது: P1-இன் குவாண்டம் முடிகிறது, P4 வந்து சேர்கிறது. ரெடி கியூவில் யார் முன்னால்? இங்கே புதிதாக வந்தவருக்கே முன்னுரிமை. ஆகவே கியூ P2, P3, P4, P1.

```
| P1 | P2 | P3 | P4 | P1 | P3 |
0    3    6    9    11   14   19
```

காத்திருப்பு: 8, 2, 9, 6. சராசரி 6.25. P1-ஐ முன்னால் வைத்தால் 6, 2, 9, 9 ஆகி 6.5 வரும். இரண்டு விடையும் நியாயமானவையே. எந்த விதியைப் பிடித்தீர்கள் என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 14-இல் P3 மட்டும் மிச்சம் என்பதால் 17-இல் கோடு போடத் தேவையில்லை.

ரவுண்ட் ராபின், குவாண்டம் 2 (அதே விதி)

```
| P1 | P2 | P3 | P1 | P4 | P2 | P3 | P1 | P3 |
0    2    4    6    8    10   11   13   15   19
```

காத்திருப்பு: 9, 7, 9, 5. சராசரி 7.5.

| அல்காரிதம் | P1 | P2 | P3 | P4 | சராசரி காத்திருப்பு | சராசரி முதல் பதில் | மாறுதல்கள் |
|---|---|---|---|---|---|---|---|
| எஃப்.சி.எஃப்.எஸ் | 0 | 5 | 7 | 14 | 6.5 | 6.5 | 3 |
| எஸ்.ஜே.எஃப் | 0 | 7 | 9 | 3 | 4.75 | 4.75 | 3 |
| எஸ்.ஆர்.டி.எஃப் | 5 | 0 | 9 | 1 | 3.75 | 2.5 | 4 |
| ரவுண்ட் ராபின் 3 | 8 | 2 | 9 | 6 | 6.25 | 3 | 5 |
| ரவுண்ட் ராபின் 2 | 9 | 7 | 9 | 5 | 7.5 | 2 | 8 |

முதல் பதில் என்பது முதன்முறை சிபியு கிடைக்கும் வரையான நேரம். குவாண்டத்தைக் குறைத்ததும் காத்திருப்பு ஏறி, முதல் பதில் இறங்குவதைப் பாருங்கள். காத்திருப்பை மட்டும் வைத்து ரவுண்ட் ராபினை மட்டம் தட்டுவது சரியல்ல. மாறுதலுக்கு ஆகும் நேரத்தை இங்கே பூஜ்யமாக வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் 0.5 மி.செ. என்று கேள்வியில் கொடுத்தால், குவாண்டம் 2-இன் சார்ட் 19-இல் அல்ல, 23-இல் முடியும்.