உத்தரமேரூர்க் குடவோலை: முதலாம் பராந்தகன் காலத்து இரு கல்வெட்டுகளும் வாரியத் தேர்வு முறையும் (11ஆம் வகுப்பு, இளங்கலை வரலாறு முதலாண்டு, 26 ஸ்லைடுகள்)

காஞ்சிபுரம் மாவட்டம் உத்தரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டப்பட்டுள்ள இரண்டு கல்வெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தணர்களுக்குத் தானமாக வழங்கப்பட்ட சோழர் காலத்துப் பிரமதேய ஊர் ஒன்று, நிர்வாகக் குழுக்களான தன் வாரியங்களுக்கு ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தது என்பதை இந்த ஸ்லைடுகள் விளக்குகின்றன. முதல் கல்வெட்டு முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 919), இரண்டாவது 14ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 921) சேர்ந்தவை. பாடநூல்கள் பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்து சொல்லிவிடுவதால், இரண்டே ஆண்டுகளுக்குள் சபை தன் விதிகளைத் திருத்திக்கொண்டது என்ற மிக முக்கியமான செய்தி மாணவர்களின் கண்ணில் படாமல் போகிறது. ஆகவே 5 முதல் 9 வரையுள்ள ஸ்லைடுகளில் இரு கல்வெட்டுகளின் விதிகளும் எதிரெதிரே வைக்கப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டாக, 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் என்று முதலில் இருந்த வரம்பு, பின்னதில் 35க்கு மேல் 70க்குள் என்று மாறியிருப்பதை அங்கே காணலாம்.

தகுதிகளும் தகுதியின்மைகளும் அடுத்த பகுதியில் வருகின்றன. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும், வேதக் கல்வி உடையவராகவும் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. கல்வி மிகுந்தவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்ற தளர்வும் உண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வர முடியாது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் இருந்தவர் மட்டுமல்லாமல் அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பணத்தின் மீது ஓர் ஊர்ச் சபை இவ்வளவு கண்டிப்பாக இருந்தது என்பதே இக்கல்வெட்டுகளில் வியந்து படிக்க வேண்டிய இடம் என்று கருதுகிறேன். வகுப்பில் இதற்குக் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தேர்வு நடந்த விதத்தை 14 முதல் 19 வரையுள்ள ஸ்லைடுகள் கோட்டோவியங்களுடன் படிப்படியாகக் காட்டுகின்றன. குடும்பு எனப்பட்ட ஊரின் 30 பிரிவுகளிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, குடும்பின் பெயர் எழுதிய வாயோலையைச் சேர்த்துக் கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவர். சிறியோரும் பெரியோரும் கூடிய மகாசபையின் நடுவில், கோயில் பூசகர்களான நம்பிமாருள் மூத்தவர் அந்தக் குடத்தை அனைவரும் காணுமாறு தூக்கிப் பிடிக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்த பின், அச்சிறுவனே ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி வாசித்த பின், அங்கிருந்த நம்பிமார் அனைவரும் அதையே வாசிப்பர். கைக்குள் இன்னோர் ஓலையை மறைத்து வைக்க இடம் கொடுக்காத இந்த ஏற்பாட்டை, 17ஆம் ஸ்லைடில் உள்ள விரித்த கையின் படத்தோடு சேர்த்துப் பார்த்தால் நன்கு விளங்கும். இவ்வாறு குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த முப்பதின்மரில் 12 பேர் ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் சென்றனர். அவர்களுடைய பதவிக்காலம் 360 நாள். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் ஒரே ஸ்லைடில் சுருக்கமாகச் சொல்லப்பட்டுள்ளன.

தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும். இது வாக்கெடுப்பு அன்று. தகுதி வரையறுக்கப்பட்ட சிலருள் திருவுளச்சீட்டு முறையில் ஆளெடுத்த ஏற்பாடு. அந்தச் சிலரும் பிரமதேய சபையைச் சேர்ந்த, நிலமுடைய அந்தண ஆண்கள் மட்டுமே. பெண்களுக்கும், அந்த நிலத்தில் உழைத்த பிற குடிகளுக்கும் இதில் இடமில்லை. ஆகவே இதை இன்றைய மக்களாட்சித் தேர்தலுக்கு இணையாக எழுதுவது பிழையாகும். அதே வேளையில், கணக்கு ஒப்படைப்பு, பதவிச் சுழற்சி, பலர் முன்னிலையில் நடக்கும் தேர்வு ஆகியவற்றைக் கல்லில் வெட்டி வைத்த ஊரின் நிர்வாகத் தெளிவைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. 22, 23ஆம் ஸ்லைடுகள் இவ்விரண்டையும் சேர்த்தே பேசுகின்றன. வேளாளர் ஊர்களின் ‘ஊர்’ அவையும் வணிகர்களின் ‘நகரம்’ என்ற அமைப்பும் அங்கே ஒப்பீட்டுக்காகக் குறிப்பிடப்பட்டுள்ளன. இறுதி மூன்று ஸ்லைடுகளில் ஐந்து மதிப்பெண் வினாக்களும் விடைக்குறிப்புகளும் உள்ளன.

கல்வெட்டு வரிகள் கிரந்தம் கலந்த மூல வடிவிலும், அதன் கீழே இன்றைய தமிழிலும் தரப்பட்டுள்ளன. கோப்பு பவர்பாயிண்ட் வடிவில் இருக்கிறது. எழுத்துருக்கள் ஒருங்குறியில் இருப்பதால் கைப்பேசியிலும் சிதையாமல் தெரியும். வகுப்பறையில் காட்டவும், அச்சிட்டு மாணவர்களுக்கு வழங்கவும், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளவும் தனி அனுமதி வேண்டியதில்லை. விற்பனைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டாம்.

குறிச்சொற்கள்: உத்தரமேரூர், குடவோலை, முதலாம் பராந்தகன், சோழர் ஆட்சிமுறை, கல்வெட்டியல், பிரமதேயம், வாரியம், பதினோராம் வகுப்பு வரலாறு